முதன்மை மின்னஞ்சலுக்கு ஒரு நல்ல சாவி: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் கணினி வகுப்பு நடத்துகிறேன். உவர்மலை, கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எல்லாப் பக்கமும் இருந்து வருகிறார்கள். வகுப்பு முடிந்த பிறகு, போனை நீட்டியபடி கேட்கிற கேள்விகள்தான் இவை. பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஜிமெயில் என்பதால் அதை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு முப்பது இடத்தில் கணக்கு இருக்கு. ஏன் ஈமெயிலை மட்டும் முதலில் பாருங்கோ என்று சொல்லுறீங்க?

மற்ற இருபத்தொன்பது கதவுக்கும் புதுச் சாவி வெட்டித் தருகிற இடம் அதுதான். பெரும்பாலான தளங்களில் "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால் ஒரு இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவர் அதை அழுத்தினால் முகநூல், வங்கி, விடுதி முன்பதிவு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கு உங்கள் பழைய கடவுச்சொல் எதுவும் அவருக்குத் தேவையில்லை.

உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு கிழமையாக முன்பதிவு மின்னஞ்சல் ஒன்றுகூட வரவில்லை, சீசன் இல்லையாக்கும் என்று இருந்திருக்கிறார். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் முற்பணம் கட்டிவிட்டதாக வாட்ஸ்அப்பில் சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. பணம் போனது அவருடைய கணக்குக்கு அல்ல.

இருவரும் ஜிமெயிலின் அமைப்புகளுக்குள் போய் Filters and Blocked Addresses என்ற இடத்தைத் திறந்தோம். அவர் எழுதாத ஒரு வரி அங்கே இருந்தது. "booking" என்ற சொல் உள்ள மடல் எது வந்தாலும் வேறொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடு என்பதுதான் அந்த வரி. பல வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு இணையக் கடையில் அவர் வைத்த கடவுச்சொல்லும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் ஒன்றே. கடையில் இருந்து அது கசிந்திருக்கிறது. யாரோ அதை மின்னஞ்சலில் போட்டுப் பார்த்திருக்கிறார், திறந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த வரி தானாகப் போகாது. உள்ளே யாரோ வந்து போனார் என்று சந்தேகம் இருந்தால் முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு அந்த Filters பகுதியையும், பக்கத்தில் உள்ள Forwarding and POP/IMAP பகுதியையும் கண்ணால் பாருங்கள். இவற்றைக் கணினியின் உலாவியில்தான் முழுதாகப் பார்க்க முடியும், போன் செயலியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என்ட ஈமெயிலை கொமியூனிகேஷன் கடைத் தம்பிதான் திறந்து தந்தவர். அதில ஏதும் பிரச்சினை இருக்கா?

இருக்கலாம். எங்கள் பக்கத்தில் நான் அதிகம் காண்பதும் இதைத்தான். கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கோ வேலை விண்ணப்பத்துக்கோ அவசரமாக ஒரு முகவரி தேவைப்படும். கடையில் இருக்கிறவர் இரண்டு நிமிடத்தில் திறந்து, ஒரு துண்டில் எழுதித் தருவார். கெட்ட எண்ணத்தில் அவர் எதையும் செய்வதில்லை. ஆனால் குறியீடு உடனே வரவேண்டும் என்பதற்காகத் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருப்பார். கடவுச்சொல்லும் அவர் எல்லோருக்கும் வைக்கும் அதே சொல்லாக இருக்கும்.

எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்தாலும், மீட்பு இலக்கம் இன்னொருவருடையதாக இருந்தால் கணக்கு உங்களுடையது இல்லை. ஆகவே வேறு எதையும் செய்ய முன்னம் myaccount.google.com என்ற முகவரிக்குப் போய், பாதுகாப்புப் பகுதியில் Recovery phone, Recovery email என்ற இரண்டையும் பாருங்கள். உங்கள் இலக்கத்தையும், நீங்கள் நம்புகிற ஒருவருடைய முகவரியையும் போடுங்கள். மாற்றிய உடனேயே பழைய இலக்கம் முற்றாக விலகிவிடும் என்று நினைக்க வேண்டாம். முதல் ஏழு நாளுக்குச் சரிபார்ப்புக் குறியீட்டைப் பழைய இலக்கத்துக்கும் அனுப்ப கூகுள் இடம் வைத்திருக்கிறது. அந்த ஒரு கிழமை கணக்கிலிருந்து வரும் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நீங்களே முன்பு வைத்திருந்த சிம்மும் இப்படித்தான். மீள்நிரப்பாமல் விட்ட முற்கொடுப்பனவு இலக்கம் ஒரு காலத்துக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். மீட்பு இலக்கமாக அது இன்னும் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவரின் கையில் உங்கள் சாவி இருக்கிறது.

நான் Konesar@2019 என்று வச்சிருக்கன். பெரிய எழுத்து, இலக்கம், குறி எல்லாம் இருக்கே. காணாதா?

காணாது. கடவுச்சொல் உடைக்கிறவர் a, b, c என்று தொடங்கிப் போவதில்லை. மனிதர் எப்படி வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு பெயர், முதல் எழுத்து பெரிதாக, பிறகு ஒரு குறி, பிறகு ஒரு வருடம். ஊர்ப் பெயர், கோயில் பெயர், பிள்ளையின் பெயர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். a-க்குப் பதில் @ போடுவதும் அவர்களுக்குப் பழைய செய்தி.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2003இல் அமெரிக்காவின் தேசிய தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஒரு வழிகாட்டியில் பில் பர் என்பவர் பெரிய எழுத்து, இலக்கம், குறி கலந்து வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள் என்று எழுதினார். உலகம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. 2017இல் அதே நிறுவனம் அந்த வழிகாட்டியைத் திருத்தி, நீளத்துக்கே முதலிடம் கொடுத்தது. தன் பழைய அறிவுரையில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே அந்த வருடம் சொன்னார்.

அப்ப எப்படித்தான் தெரிவு செய்யிறது? யோசிச்சு ஒரு வசனம் வைக்கட்டா?

யோசிக்காதீர்கள். மனித மனம் தேர்ந்தெடுக்கும் எதையும் இன்னொரு மனித மனம் ஊகிக்கும். தேர்வைத் தாயக்கட்டையிடம் விட்டுவிடுங்கள். 1995இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் இதற்கு டைஸ்வேர் என்ற முறையை வெளியிட்டார். 7776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், ஐந்து முறை கட்டை எறிந்தால் ஒரு சொல், இவ்வளவுதான் முறை. ஆறு பக்கக் கட்டையை ஐந்து முறை எறிந்தால் 7776 விதமாக விழும், அதனால்தான் அந்தத் தொகை. ஆங்கிலச் சொற்கள் உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால் ஈஎஃப்எஃப் என்ற அமைப்பு 2016இல் வெளியிட்ட பட்டியலை எடுங்கள், ஆறு சொல் போதும்.

என் வகுப்புக்கு வரும் பலருக்கு ஆங்கிலச் சொல் மனதில் தங்குவதில்லை. அவர்களுக்கு நான் தமிழ் அகராதியைக் கையில் கொடுக்கிறேன். பிள்ளைகளின் ஒரு பாடசாலை அகராதி, ஏறத்தாழ 500 பக்கம். லூடோப் பெட்டியில் இருந்து ஒரு கட்டை. ஒரு சொல்லுக்கு ஐந்து எறிதல். முதல் நான்கும் பக்கத்தைச் சொல்லும், ஐந்தாவது அந்தப் பக்கத்தின் எத்தனையாவது சொல் என்று சொல்லும்.

ஒரு முறை எறிந்தே காட்டுகிறேன். விழுந்தவை 5, 4, 1, 6. முதல் எறிதலில் மட்டும் 4, 5, 6 விழுந்தால் அதில் மூன்றைக் கழிக்க வேண்டும். ஆகவே 5 என்பது 2 ஆகிறது. பிறகு கணக்கு இப்படி:

```
(2-1)×216 + (4-1)×36 + (1-1)×6 + 6 = 330
```

330ஆம் பக்கத்தைத் திறந்தோம். ஐந்தாவது எறிதல் 3. அந்தப் பக்கத்தின் மூன்றாவது தலைச்சொல் "படலை". அதை எழுதிக்கொண்டோம். கணக்கு 500ஐத் தாண்டினால் அந்த நான்கு எறிதலையும் விட்டுவிட்டுத் திரும்ப எறியலாம். இப்படியே ஏழு சொல் எடுத்தோம்: படலை, தவிடு, ஊசி, சருகு, வெல்லம், ஆணி, குரவை. ஆங்கில எழுத்தில் தட்டும்போது அது இப்படி இருக்கும்:

```
padalai-thavidu-uusi-saruku-vellam-aani-kuravai
```

இது இப்போது எல்லோரும் பார்த்துவிட்ட சொற்றொடர், ஆகவே இதையே வைக்க வேண்டாம். உங்களுடையதை நீங்களே எறியுங்கள்.

"குரவை பிடிக்கேல்ல, அதுக்குப் பதில் குழந்தை என்று வைக்கட்டா?" என்று அன்று ஒருவர் கேட்டார். அந்த ஒரு மாற்றத்தில்தான் கெடுகிறது. பிடித்த சொல்லாக மாற்றத் தொடங்கினால் கட்டை தேர்ந்தது போய் நீங்கள் தேர்ந்ததாகிவிடும். விழுந்தது விழுந்ததுதான். சொற்களின் வரிசையையும் மாற்ற வேண்டாம்.

ஏன் ஏழு? நாலு சொல்லே நீளமாத்தானே இருக்கு?

500 பக்கம், பக்கத்துக்கு ஆறு சொல் என்றால் ஒவ்வோர் இடத்திலும் 3000 சொற்களில் ஒன்று வரலாம். உடைக்கிறவரிடம் அதே அகராதி இருக்கிறது, உங்கள் முறையும் அவருக்குத் தெரியும், விநாடிக்கு ஒரு இலட்சம் கோடி முறை முயல அவரால் முடியும் என்று மோசமானதையே வைத்துக்கொள்வோம். நான்கு சொல் என்றால் எல்லாவற்றையும் முயன்று முடிக்க அவருக்கு ஒன்றரை நிமிடம் போதும். ஐந்து சொல் என்றால் மூன்று நாள். ஆறு என்றால் 23 வருடம். ஏழு என்றால் ஏறத்தாழ 69,000 வருடம். ஒவ்வொரு சொல்லும் முந்தைய காலத்தை 3000 மடங்காக்குகிறது.

ஆனால் அந்த வேகம் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஜிமெயிலின் வாசலில் நின்று ஊகிக்கிறவரைச் சில முயற்சிக்குப் பிறகு கூகுளே நிறுத்திவிடும். அதனால் மின்னஞ்சலுக்கு ஐந்து சொல் போதும் என்பது என் முடிவு. எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் செயலியான கடவுச்சொல் பெட்டகத்தின் கதை வேறு. அதன் பூட்டிய பிரதி களவு போனால், களவெடுத்தவர் தன் வீட்டில் இருந்துகொண்டு யாரும் தடுக்காமல் முயலலாம். 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளரின் பெட்டகப் பிரதிகள் இப்படித்தான் களவு போயின. பெட்டகத்துக்கு ஏழு சொல் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழ்ச் சொல் என்றால் தமிழ் எழுத்திலேயே தட்டலாமே?

எனக்கும் ஆசைதான், ஆனால் கூகுள் கணக்கு அதை ஏற்காது. ஆங்கில எழுத்து, இலக்கம், வழக்கமான குறிகள் மட்டுமே அதற்குச் செல்லும். ஏற்றுக்கொள்ளும் தளங்களிலும் ஒரு பொறி உண்டு. "கொ" என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். சில விசைப்பலகை கொம்பையும் காலையும் ஒரே குறியாக அனுப்பும், சில தனித்தனியாக அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போனில் வைத்த கடவுச்சொல்லை மடிக்கணினியில் தட்டினால் தவறு என்று சொல்லும், உங்களுக்குக் காரணமே விளங்காது.

ஆங்கில எழுத்தில் தட்டும்போது வேறொரு சிக்கல் வரும். "மழை" என்பதை mazhai என்று இன்று எழுதுவீர்கள், ஆறு மாதம் கழித்து malai என்று எழுதுவீர்கள். ஆகவே தொடக்கத்திலேயே உங்களுக்கென்று ஒரு முறையை நிர்ணயித்து, அதையும் தாளில் எழுதி வையுங்கள். என்னுடைய முறையில் ழ எப்போதும் zh, க எங்கே வந்தாலும் k, நெடிலுக்கு எழுத்தை இரட்டித்தல். உங்களுடையது வேறாக இருக்கட்டும், ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஒரு தேவார வரியோ குறளோ வச்சால் மறக்கவே மாட்டன். அது கூடாதா?

கூடாது. உங்களுக்கு மனப்பாடமான வரி இன்னும் எத்தனையோ பேருக்கு மனப்பாடம், இணையத்திலும் அப்படியே இருக்கிறது. அதை ஆங்கில எழுத்தில் மாற்றிப் பார்ப்பது ஒரு சிறு நிரலுக்கு நொடி நேர வேலை. பழமொழிக்கும் இதுவே பதில்.

ஏழும் ஐந்தும் பன்னிரண்டு சொல். எனக்கு நினைவு நிக்காதே?

நிற்கும், சொற்களைப் படமாகப் பாருங்கள். படலையைத் திறந்தால் தவிடு கொட்டிக் கிடக்கிறது, தவிட்டுக்குள் ஒரு ஊசி, ஊசியில் கோத்த சருகு, சருகில் பொதிந்த வெல்லம், வெல்லத்தில் குத்திய ஆணி, ஆணியைச் சுற்றிப் பெண்கள் குரவையிடுகிறார்கள். கோணங்கியான படம்தான் மனதில் ஒட்டும். மூதூரிலிருந்து வந்த ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல், தன் ஏழு சொல்லையும் ஒரு வீட்டின் வாசலில் தொடங்கிக் குசினி வரை நடப்பதாக வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தாளைப் பார்க்காமல் தட்டினார்.

முதல் கிழமை தாள் பக்கத்தில் இருக்கட்டும். தினமும் ஒரு முறை பெட்டகத்தைப் பூட்டிவிட்டு, சொற்களைத் தட்டித் திறவுங்கள். விரல்ரேகையால் திறப்பதை அந்தக் கிழமை அணைத்து வையுங்கள். பலர் முதல் நாளே விரல்ரேகையை இயக்கிவிட்டு, மூன்று மாதம் கழித்துப் போன் மாற்றும்போது ஒரு சொல்கூட ஞாபகம் இல்லாமல் நிற்கிறார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் பழகவும் வேண்டாம். மின்னஞ்சலின் ஐந்து சொல் இந்தக் கிழமை, பெட்டகத்தின் ஏழு சொல் அடுத்த கிழமை.

பெட்டகம் பெட்டகம் என்றீங்க, எது நல்லது? குரோமே "சேமிக்கவா" என்று கேட்குது, அது போதாதா?

குரோம் சேமிப்பது ஒன்றும் சேமிக்காமல் ஒரே சொல்லை எங்கும் வைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பெட்டகம் உங்கள் கூகுள் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. முதன்மை மின்னஞ்சலுக்குள் ஒருவர் புகுந்தால் பெட்டகத்தின் வாசலுக்கும் அவர் வந்துவிட்டார். மின்னஞ்சல் ஒரு சாவியிலும் பெட்டகம் வேறொரு சாவியிலும் இருக்கட்டும் என்பதற்காகவே தனிச் செயலி ஒன்றைச் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பது பிட்வார்டன். இலவசத் திட்டத்திலேயே போனிலும் கணினியிலும் சேர்த்துப் பயன்படுத்தலாம், மூலநிரலும் திறந்தது. உள்ளே இருப்பதை உங்கள் கருவியிலேயே பூட்டிய பிறகுதான் அது மேலே அனுப்புகிறது, உங்கள் ஏழு சொல் நிறுவனத்துக்குப் போவதில்லை. அதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: மறந்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது.

இணையத்தில் வைக்கவே விருப்பமில்லை, ஒரே கணினிதான் என்றால் கீபாஸ்எக்ஸ்சி நல்லது. அது .kdbx என்று முடியும் ஒரே ஒரு கோப்பு. கணினி பழுதானால் கோப்பும் போகும் என்பதால் பென்டிரைவில் ஒரு பிரதி கட்டாயம்.

குரோமில் இருப்பதை மாற்றும்போது ஒரு கவனம். வெளியே எடுக்கும் கோப்பு .csv என்று முடியும், அதில் எல்லாக் கடவுச்சொல்லும் யாரும் வாசிக்கக்கூடியபடி வெறுமையாக இருக்கும். புதுப் பெட்டகத்துக்குள் ஏற்றிய உடனே அதை அழியுங்கள், குப்பைத்தொட்டியில் இருந்தும் அழியுங்கள். ஒரு மடிக்கணினியைத் திருத்தக் கொண்டு வந்தவரின் Downloads கோப்புறையில் இரண்டு வருடப் பழைய .csv கோப்பு இருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

மற்றக் கணக்குகளை ஒரே இரவில் மாற்ற முயல வேண்டாம். ஒவ்வொரு தளத்துக்கும் அடுத்த முறை போகும்போது, பெட்டகமே உருவாக்கித் தரும் இருபது எழுத்துக் கடவுச்சொல்லாக அதை மாற்றுங்கள். அவற்றில் ஒன்றையும் நீங்கள் நினைவில் வைக்கத் தேவையில்லை.

ஈமெயிலின் ஐந்து சொல்லையும் பெட்டகத்துக்குள்ளேயே போட்டால் ஒன்றை மட்டும் ஞாபகம் வச்சால் போதுமே?

பெட்டகத்துக்குள்ளும் போடுங்கள், ஆனால் அங்கே மட்டும் வைக்க வேண்டாம். இந்தப் பொறியில் விழுந்தவரை நேரில் கண்டேன். கடற்றொழில் செய்யும் தம்பி ஒருவர், போன் தண்ணீருக்குள் போய்விட்டது. புதுப் போன் வாங்கி பிட்வார்டனைப் போட்டு, பெட்டகத்தின் ஏழு சொல்லையும் சரியாகவே தட்டினார். கடவுச்சொல்லோடு இன்னோர் உறுதியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை வைக்காத கணக்கு ஒன்றைப் புதிய கருவியில் திறந்தால், 2025 முதல் பிட்வார்டன் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பும். குறியீட்டைப் பார்க்க ஜிமெயிலைத் திறக்க வேண்டும். ஜிமெயிலின் கடவுச்சொல்லோ பெட்டகத்துக்குள் இருக்கிறது. பெட்டிக்குச் சாவி பெட்டிக்குள்ளேயே. வீட்டில் இருந்த அவருடைய பழைய மடிக்கணினியில் ஜிமெயில் திறந்தபடியே இருந்ததால் தப்பினார்.

மின்னஞ்சலின் ஐந்து சொல்லும் உங்கள் தலையிலும் தாளிலும் இருந்தால் இந்த வளையம் உருவாகவே மாட்டாது.

தாளில எழுதி வைக்கக் கூடாது என்றுதானே எல்லாரும் சொல்லுறவை?

கணினித் திரையில் ஒட்டி வைக்கக் கூடாது, அது உண்மை. ஆனால் நமது மின்னஞ்சலுக்குள் நுழைய முயல்கிறவர் பெரும்பாலும் வேறு நாட்டில் இருக்கிறார், அவருக்கு உங்கள் அலுமாரி எட்டாது. உறுதிப்பத்திரமும் நகையும் வைக்கிற இடத்தில் இந்தத் தாளும் இருக்கட்டும். வீட்டுக்குள்ளேயே நீங்கள் பயப்பட வேண்டிய ஒருவர் இருந்தால் மட்டும் தாள் வெளியே, நம்பிக்கையான ஓர் உறவினர் வீட்டில் இருப்பது நல்லது.

தாளில் என்ன இருக்க வேண்டும்? மின்னஞ்சல் முகவரி, அதன் ஐந்து சொல், பெட்டகத்தின் ஏழு சொல், உங்கள் எழுத்து முறை, கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகள். பேனையால், தெளிவாக, u-வும் v-யும் குழம்பாதபடி எழுதுங்கள். எழுதி முடித்தவுடன், அந்தத் தாளைப் பார்த்தே ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். ஓர் எழுத்து விடுபட்டிருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

கார்த்திகை, மார்கழி மழையில் எங்கள் ஊர் வீடுகளுக்குள் தண்ணீர் வருவதை நான் சொல்லத் தேவையில்லை. தாளை இரண்டு பொலித்தீன் உறைக்குள் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். மை கரையும் பேனை வேண்டாம், சாதாரண போல்பொயின்ட் போதும். இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில், கடற்கரையோரம் இல்லாத வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. தாளைப் போனில் படம் எடுத்து வைக்க வேண்டாம், அந்தப் படம் தானாகவே மேகச் சேமிப்புக்குப் போய்விடும்.

மாற்றுக் குறியீடுகள் என்றால் என்ன?

கூகுள் கணக்கில் 2-Step Verification என்பதை இயக்கினால், கடவுச்சொல்லோடு போனிலும் ஓர் உறுதி கேட்கும். கட்டாயம் இயக்குங்கள், ஏனென்றால் சொல் கசிந்தாலும் வாசல் பூட்டியே இருக்கும். அதே பக்கத்தில் Backup codes என்று இருக்கும். எட்டு இலக்கம் கொண்ட பத்துக் குறியீடு தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். போன் தொலைந்த அன்று உள்ளே போக வழி இதுதான். பயன்படுத்தியதைத் தாளில் வெட்டிவிடுங்கள். புதிதாகப் பத்து எடுத்தால் பழையவை செல்லாது, தாளையும் மாற்ற வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருக்கா மாத்த வேணுமா?

வேண்டாம். அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர் கடைசியில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டு போவார்கள். யாரோ பார்த்துவிட்டார்கள், பிழையான பக்கத்தில் தட்டிவிட்டேன், தாள் காணாமல் போய்விட்டது, இப்படி ஒரு காரணம் இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

ஏழு சொல் வச்சிட்டன். இனி யாரும் ஏமாத்த ஏலாதுதானே?

ஊகிக்க ஏலாது. ஏமாற்ற ஏலும். "உங்கள் மின்னஞ்சல் நிரம்பிவிட்டது, இங்கே உள்நுழையுங்கள்" என்று வந்த இணைப்பை அழுத்தி, கூகுள் போலவே இருக்கும் பக்கத்தில் உங்கள் ஐந்து சொல்லையும் தட்டினால், அதன் வலிமை அந்த நொடியே முடிந்தது.

இங்கே பெட்டகம் உங்களைவிடக் கண் கூர்மையானது. நீங்கள் பக்கத்தின் தோற்றத்தைப் பார்க்கிறீர்கள், அது முகவரியைப் பார்க்கிறது. accounts.google.com என்ற முகவரிக்குச் சேமித்ததை accounts-google.com என்ற பக்கத்தில் அது நிரப்ப முன்வராது. வழக்கமாகத் தானாக வரும் கடவுச்சொல் ஒரு நாள் வரவில்லை என்றால், செயலி கெட்டுப்போச்சு என்று கையால் பிரதி எடுத்து ஒட்ட வேண்டாம். கையை எடுத்துவிட்டு மேலே உள்ள முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். சில உண்மையான செயலிகளிலும் நிரப்பாமல் விடுவது உண்டு, அதனால் பதற வேண்டாம். ஆனால் மடலில் வந்த இணைப்பு வழியாகப் போன பக்கத்தில் நிரப்பவில்லை என்றால் அதை மூடிவிட்டு, முகவரியை நீங்களே தட்டிப் போங்கள்.

அவசரத்துக்குக் கடைக் கணினியில பெட்டகத்தைத் திறக்கலாமா?

திறக்க வேண்டாம். பிறர் கணினியில் நீங்கள் தட்டுவதை எல்லாம் பதிகிற நிரல் இருக்கலாம், ஏழு சொல்லும் அதற்குள் போய்விடும், அதோடு உள்ளே உள்ள எல்லாமும். கடையில் அச்செடுக்க வேண்டும் என்றால், ஆவணத்தை உங்கள் போனிலிருந்து கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். உங்கள் பெட்டியை அங்கே திறக்கவே தேவையில்லை. முன்பு எப்போதாவது கடையில் திறந்த ஞாபகம் இருந்தால் myaccount.google.com பக்கத்தில் Your devices என்பதைப் பாருங்கள். தெரியாத கணினி அங்கே இருந்தால் அதை வெளியேற்றிவிட்டு, கட்டையை எடுத்துப் புதிதாக ஐந்து சொல் எறியுங்கள்.